இரவு ஒன்பது மணிக்கு என்ன தாளம்?

*வணக்கம் ஐயா. நானும் மனைவியும் கொட்டாஞ்சேனையில் வீட்டுத் தொழிலாகக் கொத்தமல்லிக் குடிநீர்த் தூள் தயாரித்து விற்கிறோம். முதன்முறையாக வானொலிக்கு 30 விநாடி விளம்பரம் ஒன்று செய்கிறோம். கலையகத்தில் மூன்று பின்னணி இசைகளைத் தந்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள்: கித்தாரும் டிரம்ஸும் கலந்த வேகமான ஒன்று, தனிப் புல்லாங்குழல் ஒன்று, நாதஸ்வரமும் தவிலும் ஒன்று. எனக்கு முதலாவது பிடித்தது. அதைப் போட்டுக் கேட்ட மைத்துனர், “காப்புறுதிக் கம்பனி விளம்பரம் மாதிரி இருக்கிறது” என்கிறார். தண்ணீர் கொதிக்கும் சத்தத்தையும் சேர்த்தோம். அது வடை பொரிக்கும் சத்தமாகக் கேட்கிறதாம். பிரதியையும் ஒலிப்பதிவையும் இணைத்திருக்கிறேன். எந்த இசையைப் போடலாம்?*

*— வாசகர், கொழும்பு 13*

அன்புள்ள வாசகருக்கு,

மூன்றும் வேண்டாம். உங்கள் மைத்துனருக்கு நல்ல காது. அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், பின்னால் அவரிடம் இன்னொரு வேலை இருக்கிறது.

ஒலிப்பதிவை நான்கு தடவை கேட்டேன். அந்த வேகமான இசை நிமிடத்துக்கு 128 தாள அடி போகிறது. கைதட்டலும் இருக்கிறது, கடைசியில் எல்லா வாத்தியங்களும் ஒன்றாக எழும்பி நிற்கின்றன. அது உங்களுக்கு ஏன் பிடித்தது என்று எனக்குத் தெரிகிறது. வீட்டு அடுப்படியில் தொடங்கிய தொழில் வானொலிவரை வந்துவிட்டது என்ற பெருமிதம் அந்த இசையில் உங்களுக்குக் கேட்கிறது. நியாயமான பெருமிதம்தான். ஆனால் அது தொழிலைப் பற்றிய உணர்ச்சி, தூளைப் பற்றியதல்ல. கேட்பவருக்கு உங்கள் தொழிலின் கதை தெரியாது. அவருக்குக் கேட்பதெல்லாம் யாரோ ஒருவர் எதிலோ வெற்றி பெற்றுவிட்டார் என்பது மட்டும்தான். காப்புறுதி, கைத்தொலைபேசி, வங்கி எல்லாவற்றுக்கும் அதே இசையைத்தான் போடுகிறார்கள். அதனால்தான் மைத்துனருக்குக் காப்புறுதி நினைவுக்கு வந்தது.

ஒரு பொருளின் குணம் என்ன என்று என்னிடம் வருகிறவர்களைக் கேட்டால் ‘தரமானது, நம்பகமானது, பாரம்பரியமானது’ என்பார்கள். இந்த மூன்று சொற்களையும் வைத்து ஓர் இசையையும் தெரிவுசெய்ய முடியாது. ஆகவே நான் வேறு இரண்டு கேள்விகள் கேட்பேன்: இந்தப் பொதியை எத்தனை மணிக்குப் பிரிக்கிறார்கள்? பிரிப்பது யாருடைய கை?

உங்கள் தூளுக்கு விடை தெளிவாக இருக்கிறது. இரவு ஒன்பது மணி. மழை பெய்து ஓய்ந்திருக்கிறது அல்லது இன்னும் தூறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒருவருக்குத் தடிமன். அவர் கொத்தமல்லித் தண்ணீர் கேட்கவில்லை, வேண்டாம் என்றுதான் சொல்கிறார். இன்னொருவர் அதைப் பொருட்படுத்தாமல் அடுப்பில் தண்ணீர் வைக்கிறார். பொதியைப் பிரிப்பது அவர்தான். ஆகவே இந்தப் பொருளின் குணத்தை அமைதி என்று மட்டும் சொல்வது போதாது. அதில் ஓர் அதட்டல் இருக்கிறது, அந்த அதட்டலுக்குள் அன்பு இருக்கிறது. இடமும் சிறியது, ஓர் அடுப்படிதான். மண்டபம் அதிரும் எதிரொலியுடன் பதிவான எந்த இசையும், எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அந்த அடுப்படிக்குள் அடங்காது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பாருங்கள். புல்லாங்குழல் முதலில் பொருத்தமாகத் தோன்றும். மெதுவாக இருக்கிறது, சுகமாகவும் இருக்கிறது. ஆனால் நம் வீடுகள் இலங்கை வானொலியின் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்த வீடுகள். மெதுவான தனி வாத்தியம் ஒன்று தொடங்கி, அதன் பின்னால் நிதானமான குரல் ஒன்று வந்தால், ஐம்பது வயது தாண்டிய எந்தத் தமிழரும் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு யாருடைய பெயர் வருகிறது என்று காத்திருப்பார். இருமலுக்குக் குடிக்கும் பொருளுக்கு அந்த நினைவு வந்து ஒட்டுவது நல்லதல்ல. நாதஸ்வரமும் தவிலும் திருமண வீட்டையோ கோயில் வாசலையோ கொண்டுவந்து நிறுத்தும். பட்டுச் சேலைக்கு அது பொருந்தும், தூளுக்குப் பொருந்தாது.

வாத்தியங்கள் இப்படி நினைவுகளைச் சுமந்துகொண்டு திரிகின்றன என்பதை நான் அடிபட்டுக் கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மெத்தை விளம்பரத்துக்கு, தாலாட்டுப் போல் இருக்கட்டும் என்று, பியானோவில் இரண்டு சுரங்கள் மாறி மாறி ஆடும் மெல்லிய இசை ஒன்றைத் தெரிவுசெய்தேன். வாடிக்கையாளரின் அலுவலகத்தில் அதைப் போட்டுக் காட்டினோம். இரண்டாவது விநாடியில் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். கொழும்பில் யாருக்குத்தான் தெரியாது? பாண் விற்கும் ஓட்டோ தெருமுனையில் திரும்பும்போது ஒலிப்பது பேத்தோவனின் ‘ஃபூர் எலிஸ்’. அதுவும் இரண்டு சுரங்கள் மாறி மாறி ஆடித்தான் தொடங்கும். நான் போட்டது அந்த இசையே அல்ல, சாயல் மட்டும்தான். ஆனாலும் மெத்தையின் பெயர் சொல்லப்பட்டபோது எல்லோரும் மாலுபாண் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இசை பாடசாலையில் பியானோ பழகும் பிள்ளைக்குப் பயிற்சிப் பாடம், நம் தெருவில் பாண். வெளிநாட்டு இசைத் தொகுப்பில் ‘இதமானது’ என்று பெயரிட்டு வைத்திருப்பது நம் தெருவிலும் இதமாகத்தான் கேட்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இனி உங்கள் பிரதி. இசையைத் தெரிவுசெய்ய முடியாமற் போனதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. அனுப்பியதில் 71 சொற்கள் இருக்கின்றன. தமிழில் 30 விநாடிக்கு 50 சொற்களுக்கு மேல் போனால் அறிவிப்பாளருக்கு மூச்சு வாங்க இடமிருக்காது என்பது என் கணக்கு. நம் சொற்கள் நீளமானவை. ‘தயாரிக்கப்பட்டுள்ளதாகும்’ என்ற ஒரே சொல் ஒன்றரை விநாடியைத் தின்றுவிடுகிறது. உங்கள் அறிவிப்பாளர் திறமைசாலி, 71 சொற்களையும் 29 விநாடியில் முடித்துவிட்டார். ஆனால் அந்த வேகத்துக்கு 128 அடி இசையைத் தவிர வேறெதுவும் ஈடுகொடுக்காது. பிரதி வேகமாக இருந்ததால் இசையும் வேகமாயிற்று. கலையகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பிரதிக்குப் பொருத்தமான இசையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். பிரதிதான் பொருளுக்குப் பொருத்தமாக இல்லை.

ஆகவே முதலில் பிரதியைக் குறைப்போம். நான் எழுதிப் பார்த்தது இது:

“மழையில் நனைந்து வந்துவிட்டீர்களா? அம்மா என்ன சொல்வார்?”
“கொத்தமல்லி அவித்துக் குடி.”
“வறுத்த கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மிளகு. மூன்றும் இப்போது ஒரே பொதியில். ஒரு கரண்டி. ஒரு குவளை சுடுதண்ணீர்.”
“(உங்கள் தூளின் பெயர்) குடிநீர்த் தூள். கொட்டாஞ்சேனையிலிருந்து.”

பெயரை ஒரு சொல்லாக வைத்துக்கொண்டால் 26 சொற்கள். சுத்தம், சுகாதாரம், தெரிவுசெய்யப்பட்ட மூலப்பொருள் என்று நீங்கள் எழுதியிருந்தவை எல்லாம் போய்விட்டன. அவை பொதியின் பின்புறத்தில் இருக்கட்டும். தொலைபேசி எண்ணையும் எடுத்துவிட்டேன். பத்து இலக்கங்களைத் தமிழில் தெளிவாகச் சொல்லக் குறைந்தது நான்கு விநாடி பிடிக்கும். ஓட்டோவில் போகிறவர் அதை எழுதிவைக்கவும் போவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பழைய பிரதியில் தூளின் பெயர் மூன்று இடங்களில் வருகிறது, மூன்றிலும் அதன் பின்னால் ‘வாங்கிப் பயன்படுத்துங்கள்’ போன்ற வினைச்சொல் வந்து வாக்கியத்தை முடிக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் குரல் இறங்கி அமர்வதும் அந்த வினையில்தான். பெயர் நடுவழியில் நழுவிவிடுகிறது. புதிய பிரதியில் வினையை எடுத்துவிட்டுப் பெயரைத் தனியாக நிறுத்தியிருக்கிறேன். இசையின் அடி போய் விழ வேண்டிய இடம் அதுதான்.

பிரதி தயாரானதும் இசை எதுவும் இல்லாமல் குரலை மட்டும் பதிவுசெய்யுங்கள். அம்மாவின் வரியை உங்கள் மனைவி சொல்லட்டும், மற்றவற்றை அறிவிப்பாளர் சொல்லட்டும். பிறகு பதிவைப் போட்டு, அழுத்தமாக விழும் ஒவ்வோர் இடத்திலும் மேசையில் ஒரு விரலால் தட்டுங்கள். 15 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினால், குரலே கேட்கும் தாளகதி கிடைத்துவிடும். நான் நிதானமாக வாசித்துப் பார்த்தபோது எனக்கு 20 தட்டுகள் வந்தன, அதாவது நிமிடத்துக்கு 80 அடி. உங்கள் அறிவிப்பாளருக்கு 76 வரலாம், 84 வரலாம். நான் 80 என்றே வைத்துக்கொள்கிறேன், அதில் ஒரு வசதி இருக்கிறது. ஓர் அடி முக்கால் விநாடி, நான்கு அடிகள் சேர்ந்த ஒரு சுற்று மூன்று விநாடி. 30 விநாடிக்குள் மிச்சமின்றிப் பத்துச் சுற்றுகள் அடங்கும். 96 அடியில் பன்னிரண்டு சுற்று அடங்கும், 120 அடியில் பதினைந்து. எட்டால் மிச்சமின்றி வகுபடாத எண்களில் இசை நடுச்சுற்றில் வெட்டுப்படும். கலையகத்தில் அதைத் தேய்த்து மறைத்து முடிப்பார்கள். கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கதவு முழுதாகச் சாத்தப்படாதது போலிருக்கும்.

இப்போது அந்தப் பத்துச் சுற்றுகளிலும் பொருளை அடுக்கிப் பார்க்கலாம். முதற் சுற்றில் இசையே இல்லை. தகரக் கூரையில் மழை, அதன் முடிவில் ஒரே ஒரு தும்மல். இரண்டாவது சுற்றில் “மழையில் நனைந்து வந்துவிட்டீர்களா?” பன்னிரண்டு அசைகள், இரண்டரை விநாடிக்குள் முடிந்துவிடும். மூன்றாவதில் “அம்மா என்ன சொல்வார்?” இது ஒன்றரை விநாடிதான். மிச்ச ஒன்றரை விநாடியை வெறுமையாக விடுங்கள். மழையும் அங்கே குறைந்து போகட்டும். வானொலியில் இந்த வெறுமை பயமூட்டும், கலையகத்தில் யாராவது அதை நிரப்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். கேட்பவர் தன் அம்மாவின் குரலில் பதிலைச் சொல்லிக்கொள்ளும் இடம் அது. நான்காவது சுற்றில் உங்கள் மனைவியின் குரல்: “கொத்தமல்லி அவித்துக் குடி.”

இசை தொடங்குவது இந்த ‘குடி’ முடிந்தபின், ஐந்தாவது சுற்றின் முதல் அடியில். முன்னால் பன்னிரண்டு விநாடிகள் இசையே இல்லாமல் போயிருப்பதால், மெல்லிய ஒரு மீட்டல்கூடக் காதில் ஏறும். ஐந்தாவதில் மூன்று மூலப்பொருள்கள், ஒவ்வொன்றும் ஓர் அடியில் விழும்படி. ஆறாவதில் “மூன்றும் இப்போது ஒரே பொதியில்.” ஏழாவதில் கரண்டியும் சுடுதண்ணீரும். எட்டாவது சுற்றில் குரல் இல்லை, தண்ணீர் ஊற்றும் ஒலியும் கரண்டி கலக்கும் ஒலியும்தான். இசை அடியில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்பதாவதின் முதல் அடியில் தூளின் பெயர். பத்தாவதில் “கொட்டாஞ்சேனையிலிருந்து.” முதலில் இதன் பின்னால் ‘உங்கள் அடுப்படிக்கு’ என்றும் எழுதியிருந்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லிப் பார்த்தால் சுற்று முழுவதையும் அதுவே எடுத்துக்கொண்டது. கடைசிச் சுரம் ஒலித்து அடங்க ஒரு விநாடிக்கு மேல் வேண்டும். அதனால் வெட்டிவிட்டேன்.

என்ன வாத்தியம் என்று கேட்பீர்கள். என் தெரிவு கடமும் நைலோன் தந்திக் கித்தாரும். கடம் மண்பானை, அடுப்படிக்கு அந்நியமல்ல. கோயிலையோ திருமண வீட்டையோ தனியாக நினைவூட்டாத வாத்தியமும்கூட. ஆனால் அதன் கழுத்துப் பகுதியில் விரல் நுனியால் தட்டும்போது எழும் கூர்மையான ஒலி, தமிழின் க, ட, த போன்ற வல்லின எழுத்துகளோடு நேரே மோதும். ‘குடி’ என்ற சொல்லின் மேல் அப்படி ஒரு தட்டு விழுந்தால் ‘குடி’ எங்கே, கடம் எங்கே என்று பிரிக்க முடியாது. ஆகவே குரல் ஓடும் இடங்களில் பானையின் வயிற்றிலிருந்து வரும் ஆழ்ந்த ஒலி மட்டும் போதும். கூர்மையான தட்டுகளை எட்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த ஒலிக்கும் ஒரு குறை இருக்கிறது: கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அது ஏறக்குறையக் காணாமல் போய்விடும். அதனால்தான் கித்தாரைச் சேர்க்கிறேன். தாளத்தின் அடியைக் கித்தார் மீட்டல் சுமக்கும். கடம் கேட்டால் நல்லது, கேட்காவிட்டாலும் தாளம் தவறாது. கித்தாரையும் சுற்றுக்கு நான்கு மீட்டல்களுக்கு மேல் போக விட வேண்டாம். எதிரொலி சேர்க்கவே வேண்டாம்.

கொதிக்கும் தண்ணீருக்கு வருகிறேன். அது வடைபோல் கேட்டதில் வியப்பில்லை. கொதித்தல், பொரித்தல், மழை, கைதட்டல், வானொலி அலை பிடிக்காத இரைச்சல் எல்லாமே எண்ணற்ற சிறு வெடிப்புகள் ஒன்றாகக் கலந்த ஒலிகள். கண்ணால் பார்க்கும்போது வேறு வேறாகக் கேட்கும். கண்ணை மூடினால் காது குழம்பும். அப்படிப்பட்ட ஒலியைப் போடுவதானால் இது இன்னது என்று காட்டும் அடையாள ஒலி ஒன்று கூடவே வர வேண்டும். என் அமைப்பில் மழைக்கும் இதே ஆபத்து உண்டு, அதனால்தான் தகரக் கூரை. துளிகள் தகரத்தில் தனித்தனியாக விழும் ஓசை அதை மழை என்று காட்டிக்கொடுக்கும். பின்னால் வரும் ‘மழையில் நனைந்து’ என்ற சொற்கள் மிச்சச் சந்தேகத்தையும் தீர்த்துவிடும்.

கொதிக்கும் சத்தத்தை விட்டுவிட்டு, ஊற்றும் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விளம்பரத்தின் மிக நல்ல இரண்டு விநாடி அதுதான். குவளை நிரம்ப நிரம்ப அதற்குள் இருக்கும் காற்றின் உயரம் குறையும், ஒலியின் சுருதி ஏறிக்கொண்டே போகும். இதுவே ஒரு சிறிய இசை. எவர்சில்வர் குவளையில் ஊற்றிப் பாருங்கள், நிரம்புவது கண் தெரியாதவருக்கும் தெரியும். ஆனால் உண்மையிலேயே சுடும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். குளிர்ந்த தண்ணீரின் ஒலி கூர்மையாகத் தெறிக்கும், கொதிநீரின் ஒலி சற்று மழுங்கித் தடித்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் எது சுடுதண்ணீர் என்று பெரும்பாலானோர் சரியாகச் சொல்லிவிடுவார்கள், எப்படித் தெரிந்தது என்று கேட்டால்தான் விழிப்பார்கள். கலையகங்களில் வாங்கி வைத்திருக்கும் ஒலித் தொகுப்புகளில் தண்ணீர் ஊற்றுவது என்று இருப்பது எந்தத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டிலேயே பதிவுசெய்யுங்கள்.

அதற்குக் கைத்தொலைபேசி போதும். மின்விசிறியையும் குளிரூட்டியையும் நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் நமக்குப் பழகிவிட்டதால் கேட்பதில்லை, பதிவில் கேட்கும். அதையும் ஐந்து நிமிடம் நிறுத்திவையுங்கள். குவளையை மடித்த துவாயின் மேல் வைத்தால் மேசை அதிராது. தொலைபேசியைக் குவளையிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஆவி படாத பக்கத்தில் பிடியுங்கள். சத்தத்தைத் தானாகக் குறைக்கும் வசதி உங்கள் பதிவுச் செயலியில் இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். அது தண்ணீர் ஒலியை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். அணைக்காவிட்டால் பாதியில் தண்ணீர் வற்றிப்போனது போன்ற பதிவுதான் கையில் இருக்கும், ஏன் என்று தெரியாமல் பத்துக் குவளை ஊற்றுவீர்கள். நான் ஊற்றியிருக்கிறேன். கரண்டி கலக்குவதைத் தனியாகப் பதிவுசெய்யுங்கள். எட்டாவது சுற்றில் முதல் இரண்டு விநாடி ஊற்றல், மிச்சம் ஒரு விநாடியில் குவளை விளிம்பில் கரண்டி இரண்டு தடவை தட்டப்படும் ஒலி. அந்த இரண்டு தட்டும் சுற்றின் நான்காவது அடியிலும் அதற்கு அடுத்த அரை அடியிலும் விழுந்தால், காது தானாகவே அடுத்த அடிக்குக் காத்திருக்கும். அந்த அடியில் பெயர் வரும்.

ஒலிகள் எப்போதும் குரல் மூச்சு விடும் இடத்தில்தான் வர வேண்டும், சொல்லின் மேல் ஏறக் கூடாது. ‘சுடுதண்ணீர்’ என்ற சொல்லோடு சேர்த்தே தண்ணீரையும் ஊற்றிவிடும் ஆசை கலையகத்தில் எல்லோருக்கும் வரும். சொல்லும் கேட்காது, தண்ணீரும் கேட்காது.

கடைசியாக, கலவையின் அளவுகள். இசை குரலைவிட 18 டெசிபல் கீழே இருக்கட்டும், அதாவது குரலின் அலைவீச்சில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. குரல் இல்லாத எட்டாவது சுற்றில் மட்டும் 6 டெசிபல் உயர்த்தலாம். கலையகத்தின் பெரிய ஒலிபெருக்கியில் கேட்கும்போது இசை மிகவும் மெல்லியது என்று உங்களுக்குத் தோன்றும், கூட்டச் சொல்வீர்கள். கூட்டாதீர்கள். வானொலி நிலையங்கள் ஒலிபரப்புக்கு முன் எல்லா ஒலியையும் ஒரு கருவி வழியாக அனுப்புகின்றன. உரத்ததை அது அமுக்கும், மெல்லியதைத் தூக்கும். ஆகவே வீட்டு வானொலியில் உங்கள் இசை, கலையகத்தில் கேட்டதைவிடக் குரலுக்கு நெருக்கமாக வந்து நிற்கும். குரல் ஓயும் ஒவ்வோர் இடத்திலும் இசை குபீரென்று மேலே வருவது போன்ற விளம்பரங்களைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் கலவையில் ஏற்கெனவே கூட்டி வைத்த இசையை அந்தக் கருவி இன்னும் கூட்டியதன் விளைவு அது.

அளவைக் குறைத்தும் சொற்கள் தெளியவில்லை என்றால், இசையை முழுவதுமாக இன்னும் குறைக்க வேண்டாம். 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியை மட்டும் இசையில் மூன்று நான்கு டெசிபல் தாழ்த்தச் சொல்லுங்கள். மெய்யெழுத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து கேட்பது பெரும்பாலும் அங்கேதான். ‘மிளகு’ என்பது மிளகாகவே கேட்க வேண்டும் அல்லவா?

எல்லாம் முடிந்ததும் மைத்துனரிடம் போங்கள். முதலில் குரலை நிறுத்திவிட்டு இசையையும் ஒலிகளையும் மட்டும் போட்டு, என்ன விற்கிறார்கள் என்று கேளுங்கள். தூள் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. ‘ஏதோ குடிக்கிறது, வீட்டுச் சாமான்’ என்றால் போதும். காப்புறுதி என்றால் திரும்பவும் என்னிடம் வாருங்கள். பிறகு முழு விளம்பரத்தையும் தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு ஓர் ஓட்டோவில் காலி வீதியில் மாலை ஐந்தரைக்குப் போங்கள். கையில் பிடித்தபடி, தொலைபேசியின் ஒலிபெருக்கியிலேயே போட்டுக் கேளுங்கள். இயந்திரச் சத்தத்தையும் தாண்டித் தூளின் பெயர் சாரதிக்குக் கேட்டால் கலவை சரி. கேட்கவில்லை என்றால் குரலைக் கூட்டாமல் இசையைக் குறையுங்கள்.

இசையை எங்கிருந்து எடுத்தாலும், வானொலி ஒலிபரப்புக்கான உரிமமும் சேர்த்துக் கிடைக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல உரிமங்கள் சமூக ஊடகத்துக்கு மட்டும்தான். பிடித்த சினிமாப் பாட்டின் மெட்டைக் கொஞ்சம் மாற்றிப் போடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே இசையமைப்பையும் காக்கிறது. நான் சொன்ன கடத்தையும் கித்தாரையும் இரண்டு கலைஞர்களை வைத்து ஒரு மணி நேரத்தில் பதிவுசெய்துவிடலாம். பதினெட்டு விநாடி இசைதானே.

தும்மலை மட்டும் யாரையும் நடிக்கச் சொல்லாதீர்கள், நடித்த தும்மல் வானொலியில் உடனே தெரிந்துவிடும். மிளகு உங்கள் வீட்டில் மூட்டையாக இருக்கிறது.